சிதறிக் கிடக்கும் வகுப்புக் குறிப்புகள்: ஏ4 கட்டா, ஏ5 மடிப்பு நூலா?

பர்மியப் பள்ளிகள் ஜூனில் திறந்துவிடும். அதற்கு முன்னால், கோடை விடுமுறையில் கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்பு முடிகிற நேரத்தில், பாடம் சொன்ன நாலு பேரிடம் நாலு விதமான குறிப்புகள் சேர்ந்திருக்கும். ஒருவர் கோடு போட்ட நோட்டில் கையால் எழுதியிருப்பார். ஒரு சாயாமா தமிழ்–பர்மியச் சொற்பட்டியலைத் தட்டச்சு செய்து வைத்திருப்பார். பழைய வாசகப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்த நகலின் நகல் பத்துப் பக்கம் இருக்கும். மீதி வைபரில் படமாகக் கிடக்கும். அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு இதை ஒரே நூலாகக் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

கணக்குக்காக ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். 40 பிள்ளைகள். இலக்கணக் கையெழுத்து நோட்டு 38 பக்கம். சொற்பட்டியல் ஏ4 அளவில் 14 பக்கம். வாசக நகல் 10 பக்கம். பயிற்சித் தாள் ஏ4 அளவில் 8 பக்கம். மொத்தம் 70.

முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. நூல் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. குறிப்புகளை அப்படியே படமாக வைப்பதா, மறுபடி தட்டச்சு செய்வதா என்பது இன்னொன்று. பெரும்பாலோர் இரண்டாவதில் தொடங்கி, எல்லாம் தட்டி முடித்த பிறகு வடிவத்துக்கு வருகிறார்கள். அங்கேதான் வேலை இரட்டிப்பாகிறது, ஏனென்றால் எழுத்தின் அளவைத் தீர்மானிப்பது வடிவம்.

வடிவம் முதலில்

ஏ4 கட்டு என்றால் ஏ4 தாளின் இரு பக்கமும் அச்சிட்டு, இடது ஓரத்தில் பெரிய பின் அடித்தோ சுருள் போட்டோ கட்டுவது. 70 பக்கத்தோடு அட்டையும் பொருளடக்கமும் சேர்த்தால் 72 பக்கம், அதாவது ஒரு நூலுக்கு 36 தாள். 40 நூலுக்கு 1440 தாள், ஏறக்குறைய 3 ரீம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்பதுதான் இதன் பலம். பக்கம் கூடினாலும் குறைந்தாலும் கவலை இல்லை. கடைசி நேரத்தில் யாராவது ஒரு தாளை நீட்டினாலும் உள்ளே செருகலாம். ஓரத்தில் பின் அடித்தால் இடப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் போய்விடும் என்பதால் உள் ஓரத்தை 25 மில்லிமீட்டராக விட வேண்டும். அது ஒன்றை மறந்தால் முன்முகத்தில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் பின்முகத்தில் கடைசி எழுத்தும் பின்னுக்குள் மறைந்துவிடும்.

ஏ5 மடிப்பு நூல் என்றால் ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்து நான்கு பக்கமாக்கி, மடிப்பின் முதுகில் இரண்டு பின் அடிப்பது. கோயில் விழா மலர்கள் பல இந்த வடிவில்தான் வருகின்றன. தாள் பாதியாகக் குறைகிறது, பைக்குள் அடங்குகிறது, மேசையில் ஓரளவு விரிந்து படுக்கிறது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. மொத்தப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். தாள் எண்ணிக்கை 15, 16-ஐத் தாண்டக் கூடாது. சாதாரண 26/6 பின் 80 கிராம் தாளில் 20 வரை துளைக்கும் என்றாலும், 16-க்கு மேல் போனால் மடித்த நூல் மூடிக் கிடக்காது, வாயைப் பிளந்துகொண்டே இருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்கு வழி எல்லோருக்கும் தோன்றும்: ஏ4 பக்கங்களை அப்படியே சுருக்கி ஏ5 மடிப்பாக அச்சிடுவது. பெரியவர்கள் படிக்கும் ஆங்கிலத் தாளுக்கு ஒத்துவரலாம். தமிழும் பர்மியமும் கலந்த பிள்ளைகள் நூலுக்கு வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஏ4-ஐ ஏ5 ஆக்கினால் எல்லாம் 71 சதவீதமாகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளி ஆகும். அந்த அளவில், அதுவும் நகல் எந்திரத்தில் ஒருமுறை போய் வந்தபின், ‘ண’வின் சுழிகள் மை அடைத்து ஒட்டிக்கொள்ளும். மெய்யின் புள்ளி தூசியோடு தூசியாகப் போய் ‘க்’ என்பது ‘க’ ஆகும். பர்மிய எழுத்தின் பாடு இன்னும் மோசம். அதில் ‘ப’ மேலே திறந்த வட்டம், மூன்றாம் எழுத்தான ‘க’ கீழே திறந்த வட்டம், ‘ங’ வலப்பக்கம் திறந்த வட்டம், ‘வ’ முழு வட்டம். திறந்த வாய் மையால் மூடிப்போனால் நான்கும் ஒன்றுதான். சொற்பட்டியலைப் பார்த்துப் படிக்கும் பிள்ளை எதை நம்பும்?

ஆகவே ஏ5 வேண்டுமென்றால் பக்கத்தை முதலிலேயே ஏ5 அளவில் அமைத்து, 11 புள்ளி எழுத்தில் எழுத வேண்டும். சுருக்கக் கூடாது. இதை ஒப்புக்கொண்டால் இரண்டாவது கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

படமா, தட்டச்சா

இலக்கண நோட்டின் 38 பக்கத்தையும் படமாக வைத்தால் 38 ஏ5 பக்கம். அதையே தட்டினால்? நோட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 110 சொல் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4180 சொல். ஏ5 பக்கத்தில் 11 புள்ளியில், வரிக்கு வரி 18 புள்ளி இடைவெளி விட்டால் 28 வரி வரும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 175 சொல் பிடிக்கும். ஆக 24 பக்கம் போதும். பழகிய கை நிமிஷத்துக்கு 20 சொல் தட்டினால் மூன்றரை மணி நேர வேலை. பழகாத கை என்றால் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சொற்பட்டியல் ஏற்கெனவே தட்டச்சில் இருக்கிறது. ஏ5-க்கு மாற்றி அமைத்தால் 20 பக்கம் வரும் என்று கொள்வோம். வாசக நகல் 10 பக்கத்தைப் படமாகவே வைக்கலாம், படங்களும் பெரிய எழுத்தும் உள்ள பக்கங்கள் அவை. பயிற்சித் தாள்கள் ஏ5-இல் 12 பக்கம் ஆகும். 24, 20, 10, 12 கூட்டினால் 66. முன்னால் நான்கு பக்கம், பின்னட்டை, அதற்கு முன் ஒரு வெற்றுப் பக்கம் சேர்த்தால் 72. அதாவது 18 தாள். வரம்பைத் தாண்டிவிட்டது.

இங்கே பக்கத்தைக் குறைக்க எழுத்தைச் சிறிதாக்குவதுதான் முதலில் தோன்றும். அதற்குப் பதிலாகப் பயிற்சித் தாள்களை வெளியே எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் அதில் எழுதுவார்கள், ஆசிரியர் வாங்கித் திருத்துவார், அடுத்த வருஷம் புதிதாக வேண்டும். நூலுக்குள் வைத்தால் நூலே ஒரு வருஷத்தில் தீர்ந்துபோகும். தனித் தாளாக, ஏ4 அளவிலேயே, இரு பக்கமும் அச்சிட்டால் ஒரு பிள்ளைக்கு 4 தாள். நூலில் மிஞ்சுவது 54 பக்கம். முன்னும் பின்னும் சேர்த்து சரியாக 60 பக்கம், 15 தாள். 40 நூலுக்கு 600 தாள், பயிற்சிக்கு 160, மொத்தம் 760. ஏ4 கட்டின் 1440-க்கு இது பாதியை ஒட்டி வருகிறது. கியாட் விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் தாளையும் பக்கத்தையும் எண்ணி வைத்துக்கொண்டு கடையில் கேட்பதே நல்லது.

நோட்டைத் தட்ட ஆளில்லை என்றால் என்ன செய்வது? 38 பக்கமும் படமானால், பயிற்சியை எடுத்த பிறகும் 68 பக்கம் உள்ளடக்கம், முன்பின் சேர்த்து 74. நான்கின் மடங்காக்க 76, அதாவது 19 தாள். ஒரே மடிப்பில் அடங்காது. அப்போது இரண்டு வழி: இலக்கணம் ஒரு நூல், சொற்பட்டியலும் வாசகமும் இன்னொரு நூல் என்று இரண்டாகப் பிரிப்பது, அல்லது ஏ4 கட்டுக்கே போவது. தட்ட நேரமில்லாத குழு ஏ4 கட்டைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை. பாதி தட்டி, பாதி படமாக்கி, கடைசி வாரத்தில் ஏ5 கனவோடு அலைவதைவிட அது மேல்.

படமாக வைக்கும் பக்கங்களுக்கு ஒரு எச்சரிக்கை. வைபரிலோ டெலிகிராமிலோ படமாக அனுப்பினால் அது சுருங்கி வரும். நீளப் பக்கம் 1280 பிக்சல் ஆகிப்போன படத்தை ஏ5 உயரத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 155 புள்ளிதான் கிடைக்கும். கையெழுத்துக்கு 300 வேண்டும், அதாவது 1748க்கு 2480 பிக்சல். ஆகவே கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். படத்தைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டால் போன் விழுத்திய நிழல் அச்சில் கரிய திட்டாக வரும். ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நோட்டின் நீலக் கோடு அப்போது மறைந்துவிடும், நல்லதுதான். ஆனால் பென்சிலில் எழுதியதும் கூடவே மறையும். மாற்றியபின் ஒவ்வொரு பக்கத்தையும் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் இது தெரியவே வராது.

எழுத்துரு என்ற பழைய வினை

தட்டச்சில் உள்ள பகுதி எளிது என்று நினைப்போம். பெரும்பாலும் அதுதான் நேரம் தின்னும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ், கோப்பின் உள்ளே உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. ‘தமிழ்’ என்பது அங்கே `jkpo;`. பாமினி எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் மாட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இதன் விளைவு பொருளடக்கத்தில் வெளிப்படும். தானாக உருவாகும் பொருளடக்கம் தலைப்பின் எழுத்துகளை எடுத்து, தன் சொந்தப் பாணியின் எழுத்துருவில் எழுதும். பாடத்தில் தலைப்பு அழகாகத் தமிழில் நிற்கும், பொருளடக்கத்தில் `jkpo;` என்று நிற்கும். அதைக் கண்டதும் பொருளடக்கத்துக்கும் பாமினி மாட்டிச் சமாளிக்காதீர்கள். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் உரையை ஒருமுறை போட்டு எடுப்பதுதான் தீர்வு.

பர்மியப் பக்கம் இதற்கு அண்ணன் தம்பி போன்ற ஒரு சிக்கல் உண்டு, ஜாவ்ஜி. நாடு 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறியது என்றாலும் அதற்கு முந்தைய கோப்புகள் பல இன்னும் ஜாவ்ஜியில்தான் இருக்கின்றன. ஜாவ்ஜி யூனிகோடின் பர்மிய இடங்களையே தன் முறைப்படி பயன்படுத்துவதால், யூனிகோடு எழுத்துருவில் திறந்தால் பர்மியம் போலவே இருக்கும், ஆனால் குறிகள் இடம் மாறி உடைந்து நிற்கும். பர்மியம் படிக்காதவர் அதைக் கவனிக்க மாட்டார். அதனால் சொற்பட்டியலைச் சரிபார்க்கப் பர்மியப் பள்ளியில் படித்த பிள்ளை ஒருவரை உட்கார வையுங்கள், ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடும். மாற்றும்போது பர்மியப் பத்தியை மட்டும் எடுத்து மாற்றுங்கள்.

லிப்ரேஆபீஸ் ரைட்டரில் இன்னொரு நுணுக்கம். தமிழையும் பர்மியத்தையும் அது ஒரே வகை எழுத்தாகக் கருதுவதால் ஒரு பாணிக்கு ஒரே எழுத்துருதான் கொடுக்க முடியும். தமிழ் எழுத்துரு கொடுத்தால் பர்மியத்துக்கு அது ஏதோ ஒன்றைத் தேடிப் போட்டுக்கொள்ளும், கணினிக்குக் கணினி வேறு வேறாக. ‘பர்மியம்’ என்று தனி எழுத்துப் பாணி ஒன்றை உருவாக்கி அதற்கு `Pyidaungsu` எழுத்துருவைக் கொடுத்து, பட்டியலின் பர்மிய நெடுவரிசைக்கு மாட்டிவிடுங்கள். வரி இடைவெளியை நிலையான 18 புள்ளி என்று வையுங்கள். இல்லையென்றால் அடுக்கெழுத்து வரும் வரி மட்டும் எகிறி, பக்கம் தாறுமாறாக நீளும்.

எந்த மென்பொருள்

எங்கள் தேர்வு ரைட்டர். காசில்லை, பழைய கணினியிலும் ஓடும், பாணிகளை ஒழுங்காகக் கையாளும். குழுவில் எல்லோரும் வேர்டில் பழகியவர்கள் என்றால் வேர்டே போதும், அதிலும் தலைப்புப் பாணியும் கண்ணாடி ஓரமும் உண்டு. லாடெக் தெரிந்தவர் குழுவில் இருந்தால் நூல் அழகாக வரும். ஆனால் அவர் அடுத்த வருஷம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் கோப்பைத் திறக்க ஆளிருக்காது. பிடிஎஃப்களை வெறுமனே ஒன்றாக இணைத்து மேலே பக்க எண் குத்துகிற கருவிகளும் இருக்கின்றன. அவை தரும் நூலில் பொருளடக்கத்தைக் கையால் எழுத வேண்டும், ஒரு பக்கம் நகர்ந்தால் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். படப் பக்கங்களையும் ரைட்டருக்குள்ளேயே, பக்கத்துக்கு ஒன்றாக, 11 சென்டிமீட்டர் அகலத்தில் `As Character` என்று நங்கூரமிட்டு, படம் வெட்டுப்படாமல் இருக்க அந்தப் பத்திக்கு மட்டும் வரி இடைவெளியை `Single` என்று வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மேலே ஒரு வரித் தலைப்பு போட்டால் அதுவும் பொருளடக்கத்தில் சேர்ந்துவிடும்.

அமைப்பு இப்படி. `Format > Page Style` உள்ளே தாள் ஏ5, `Page layout` என்ற இடத்தில் `Mirrored`. உள் ஓரம் 18, வெளி ஓரம் 13, மேலே 14, கீழே 16 மில்லிமீட்டர். அட்டைக்கு `First Page` பாணியைப் பயன்படுத்தினால் அதற்கும் தனியாக ஏ5 அளவைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கப் பாணிக்கும் சொந்தத் தாள் அளவு உண்டு என்பதை மறந்து, அட்டை மட்டும் ஏ4-ஆக வந்து முழு நூலும் குழம்புவது அடிக்கடி நடக்கிறது. பாடத் தலைப்புகளுக்கு `Heading 1`. பொருளடக்கம் `Insert > Table of Contents and Index` வழியாக, ஒரே நிலை மட்டும். 60 பக்க நூலுக்கு உட்தலைப்பு வரை போனால் பொருளடக்கமே மூன்று பக்கம் தின்னும்.

பக்க எண்ணைக் கீழே நடுவில் வையுங்கள். வெளி ஓரத்தில் வைத்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அச்சில் இட வலம் பிசகினால் எண் மடிப்புக்குள் போய்விடும். எண்ணை எங்கிருந்து தொடங்குவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முதல் பாடத்தில் 1 போட ஆசைப்படுகிறார்கள். அட்டையையே 1 என்று எண்ணி, அட்டையில் எண்ணை அச்சிடாமல் விடுவதுதான் நல்லது என்போம். காரணம் இருக்கிறது. ரைட்டர் ஒற்றைப்படை எண்ணை எப்போதும் வலப்பக்கத்தில்தான் வைக்கும். இடப்பக்கத்தில் நடுவே 1 என்று மறுபடி தொடங்கச் சொன்னால், திரையில் காட்டாமல் ஒரு வெற்றுப் பக்கத்தைச் சேர்த்துவிடும். பிடிஎஃப் எடுக்கும்போது அது வந்தாலும் வரும், அமைப்பைப் பொறுத்து விடுபட்டாலும் விடுபடும். விடுபட்டால் அங்கிருந்து கடைசி வரை உள் ஓரமும் வெளி ஓரமும் இடம் மாறிவிடும். அட்டையிலிருந்தே தொடர்ந்து எண்ணினால் இந்தப் பேச்சே எழாது. கடைக்காரர் திரையில் பார்க்கும் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாகவே இருக்கும்.

நம் நூலில் 1 அட்டை, 2 வெற்று, 3 பொருளடக்கம், 4 குறியீடுகளின் விளக்கம், 5 முதல் 58 வரை பாடங்கள், 59 வெற்று, 60 பின்னட்டை. இதில் 30, 31 இரண்டும் நூலின் நட்டநடுப் பக்கங்கள். விரித்தால் இடமும் வலமும் ஒரே தாளின் ஒரே முகத்தில் இருப்பது உள்பக்கங்களில் இங்கே மட்டும்தான். 18 மெய்யும் 12 உயிரும் சேர்ந்த 216 எழுத்து அட்டவணையை இந்த இடத்தில் விரித்துப் போட்டால் வரிகள் இம்மியும் பிசகாமல் சேரும். வேறெந்த இரட்டைப் பக்கத்தில் போட்டாலும் மடிப்புப் பிழையால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறி இறங்கும்.

மடிப்பு வரிசையும் தாள் திருப்பலும்

எல்லாம் முடிந்ததும் பொருளடக்கத்தின் மேல் வலச்சொடுக்கி `Update Index` கொடுத்து, பிறகு பிடிஎஃப் எடுங்கள். கடைக்கு மூலக் கோப்பைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். இருந்தாலும் வரிகள் வேறு இடத்தில் உடைந்து, பொருளடக்கம் சொல்லும் பக்கத்தில் பாடம் இருக்காது.

இனி ஏ5 பக்கங்களை மடிப்பு வரிசைக்கு மாற்ற வேண்டும். அடோபி ரீடரில் அச்சு உரையாடலில் `Booklet`, `Booklet subset: Both sides`, `Binding: Left`. அச்சுப்பொறியாக `Microsoft Print to PDF` கொடுத்து, தாளை ஏ4 என்று வைத்தால் வரிசை மாற்றிய பிடிஎஃப் கிடைக்கும். லினக்ஸ் வைத்திருப்பவருக்கு ஒரே வரி:

```
pdfjam --landscape --booklet true --paper a4paper nool.pdf --outfile madippu.pdf
```

சரியாக வந்ததா என்று பார்க்க எளிய கணக்கு உண்டு. 60 பக்க நூலில் ஒரு முகத்தில் அருகருகே நிற்கும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 61 வர வேண்டும். முதல் தாளின் முன்முகம் 60, 1. பின்முகம் 2, 59. கடைசியான பதினைந்தாம் தாளின் முன்முகம் 32, 29. பின்முகம் 30, 31. எங்காவது கூட்டல் மாறினால் நடுவே ஒரு பக்கம் கூடியிருக்கிறது அல்லது விழுந்திருக்கிறது.

தாளை எந்த விளிம்பில் திருப்புவது என்பதுதான் கடையில் அதிகம் தவறுவது. ஏ4 கட்டு நெடுக்கு வாட்டத்தில் நிற்பதால் நீள விளிம்பில் திருப்ப வேண்டும், `Flip on long edge`. மடிப்பு நூலின் ஏ4 முகம் கிடக்கையாக இருப்பதால் குட்டை விளிம்பில், `Flip on short edge`. நகல் எந்திரங்கள் பலவற்றில் முதலாவதுதான் இயல்பாக இருக்கும். மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு தாளின் பின்முகமும் தலைகீழாக வரும். 600 தாளும் ஓடிய பிறகு அதைப் பார்ப்பதில் பயனில்லை. முதலில் இரண்டே தாள் அச்சிட்டு, மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிப் புரட்டிப் பாருங்கள்.

இன்னொரு தவறு, வரிசை மாற்றிய கோப்பையே கடைக்காரர் தன் எந்திரத்தில் மறுபடி ‘புக்லெட்’ என்று போட்டுவிடுவது. ஒரு தாளில் எட்டுப் பக்கம் பொடிப்பொடியாக வந்து நிற்கும். கோப்பின் பெயரிலேயே `A4_final_actual_size` என்று எழுதி, கையால் மடித்த மாதிரி ஒன்றையும் கொண்டுபோய்க் காட்டுவது, பர்மியத்தில் விளக்குவதைவிடச் சீக்கிரம் வேலை முடிக்கும்.

இரு பக்க வசதி இல்லாத வீட்டு அச்சுப்பொறி என்றால் `Front side only` முதலில், பிறகு தாள்களைத் திருப்பி வைத்து `Back side only`. எந்தப் பக்கமாகத் திருப்புவது என்பது பொறிக்குப் பொறி மாறும். ஒரு தாளின் மூலையில் பென்சிலால் அம்புக்குறி போட்டு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் 40 பிரதிக்கும் முன்முகத்தை ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். நடுவில் நின்றுவிட்டால் எது முடிந்தது, எது முடியவில்லை என்று பிரிக்கவே ஒரு மாலை போகும். ஒரு பிரதியின் 15 தாளை இரு முகமும் முடித்து எடுத்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனால், கரண்ட் போனாலும் கெடுவது ஒரு பிரதிதான். மழை தொடங்கிவிட்டால் பிரித்த ரீம் ஈரம் இழுத்துச் சுருண்டு, இரண்டாம் முறை உள்ளே போகும்போது சிக்கும். வேண்டிய அளவு மட்டும் பிரித்து, மீதியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

மடித்துக் கட்டுதல்

சாதாரணப் பின்னடிக்கும் கருவி ஏ4 தாளின் நடுமடிப்பை எட்டாது, விளிம்பிலிருந்து 148 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். நீளக் கைக் கருவி சில கடைகளில் இருக்கும். இல்லையென்றால் கருவியை முழுவதும் விரித்து, தாள்களை அட்டைப்பெட்டித் துண்டின் மேல் அட்டை மேல்நோக்க வைத்து, மடிப்புக் கோட்டில் அழுத்துங்கள். பின் பெட்டி அட்டைக்குள் இறங்கும். எடுத்துத் திருப்பி, முனைகளை ஸ்பூனின் முதுகால் மடக்கிவிடலாம்.

சிறு பிள்ளைகளுக்கு என்றால் நூல் தையல் இன்னும் நல்லது, கையைக் கீறாது. மடிப்புக் கோட்டில் மூன்று துளை. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே வந்து, மேல்துளை வழியாக உள்ளே போய், உள்பக்கமாகவே நடுவைத் தாண்டிக் கீழ்த்துளைக்கு இறங்கி வெளியே வந்து, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வாருங்கள். இரண்டு முனையும் உள்ளே ஓடும் நெடிய நூலுக்கு இருபுறமும் நிற்கும்படி பார்த்து முடிச்சுப் போடுங்கள்.

மடித்ததும் உள்தாள்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதைக் காண்பீர்கள். தாள் ஒவ்வொன்றும் சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன், பதினைந்து சேரும்போது நடுத்தாள் ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே தள்ளப்படுகிறது. வெளி ஓரம் 13 மில்லிமீட்டர் விட்டது இதற்காகவும்தான். இரும்பு அளவுகோல் வைத்துக் கத்தியால் இரண்டு மில்லிமீட்டர் வெட்டிச் சமமாக்கினாலும் எழுத்து பத்திரமாக இருக்கும். வெட்டுவதற்கு முன் பத்துப் பத்து நூலாக, முதுகை ஒரு அடுக்குக்கு இடமும் அடுத்த அடுக்குக்கு வலமுமாக மாற்றி அடுக்கி, மேலே கனமான எதையாவது வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் மடிப்பு படிந்திருக்கும், கத்தியும் வழுக்காது.